கறுத்த கால் நகம்: திறப்பதா, விட்டுவிடுவதா?

நெடுந்தொலைவு நடந்து முடித்து, இரவில் காலுறையைக் கழற்றும்போது பெருவிரல் நகம் கருநீலமாக மாறியிருப்பதைக் கண்டு திடுக்கிட்ட அனுபவம் வாசகர்களில் பலருக்கும் இருக்கக்கூடும். மாரத்தான் ஓடுபவர்களுக்கும், மலைக்கோயில்களுக்கு நடந்து செல்பவர்களுக்கும் இது மிகவும் பழக்கமான காட்சி. உடனே எழும் கேள்வி ஒன்றுதான்: உள்ளே கட்டியிருக்கும் இரத்தத்தை வெளியேற்ற வேண்டுமா, அல்லது அப்படியே விட்டுவிடலாமா? வணிகவியல் படித்து வங்கியில் பணிபுரியும் எனக்கு இக்கேள்விக்கான விடை ஒரு பயணத்தின் முடிவில், என் இரண்டு கால்களின் வாயிலாகவே கிடைத்தது.

கேதார்நாத் பயணம் அது. கௌரிகுண்டிலிருந்து கோயில் வரை சுமார் 16 கிலோமீட்டர் நடைபாதை. மேலே செல்லும்போது ஏறத்தாழ 1600 மீட்டர் உயரம் ஏற வேண்டும். திரும்பும்போது அதே உயரத்தை இறங்க வேண்டும். ஏறும்போது மூச்சு வாங்கியதேயன்றிக் கால்களுக்கு ஒன்றும் நேரவில்லை. மறுநாள் இறங்கும்போதுதான் எல்லாம் நிகழ்ந்தது. ராம்பாராவை நெருங்கும் நேரத்தில், எதிரே வந்த கோவேறு கழுதைகளுக்கு வழிவிட ஒதுங்கியபோது, வலது கால் பெருவிரல் கல்படியின் விளிம்பில் பலமாக இடித்துக்கொண்டது. அப்போது நண்பகல். கௌரிகுண்டை அடைவதற்குள் அந்த விரல் இதயத் துடிப்புக்கு ஏற்ப விண்விண்ணென்று தெறிக்கத் தொடங்கிவிட்டது.

இரவு சோன்பிரயாகில் தங்கினோம். காலணிகளைக் கழற்றியபோது இரண்டு பெருவிரல் நகங்களும் கறுத்திருந்தன. இடித்துக்கொண்ட வலது நகத்தில் பாதியளவுக்குச் செங்கருமை பரவியிருந்தது. எங்கும் இடித்துக்கொள்ளாத இடது நகமோ ஏறக்குறைய முழுவதும் கறுத்திருந்தது. ஆனால் அதில் வலி சிறிதும் இல்லை. உடன் வந்திருந்த என் மனைவியின் அண்ணன் மெழுகுவர்த்தியை ஏற்றி, ஓர் ஊக்கைக் கையில் எடுத்துக்கொண்டார்.

“இரண்டு நிமிட வேலை, மாப்பிள்ளை. அதிகமாகக் கறுத்திருக்கும் இடது காலில் முதலில் தொடங்குவோம். இரத்தம் வெளியேறினால்தான் நகம் பிழைக்கும்” என்றார்.

“வேண்டாம் மச்சான், நாளை ரிஷிகேஷில் மருத்துவரிடம் காட்டிக்கொள்ளலாம்” என்று நான் மறுத்தேன். மருத்துவ அறிவால் மறுத்தேன் என்று சொல்ல இயலாது, அச்சத்தால் மறுத்தேன். அவர் கூறியவற்றில் இரண்டு தவறுகள் இருந்தன என்பது மறுநாள்தான் விளங்கியது.

நகத்தின் அடியில் நிகழ்வது

நாம் வெட்டி எறியும் கடினமான நகத்தகட்டுக்கு உணர்ச்சியும் இல்லை, இரத்த ஓட்டமும் இல்லை. அதற்கு அடியில் இருக்கும் மென்மையான சதைப்பகுதியை நகப்படுகை என்பர். மிக நுண்ணிய இரத்தக் குழாய்களும் நரம்பு முனைகளும் அங்கே நிறைந்துள்ளன. நகப்படுகைக்குக் கீழே உடனடியாக விரல் எலும்பு இருக்கிறது. மேலே கடினமான தகடு, கீழே எலும்பு. நடுவே சிக்கிய சதையில் சிறிதளவு இரத்தம் கசிந்தாலும் அது விரிந்து பரவ இடமில்லை. உடலின் வேறு பகுதியில் வீக்கமாக வெளிப்படும் இரத்தக்கட்டு, இங்கே அழுத்தமாக மாறுகிறது. விண்விண்ணென்று தெறிக்கும் வலி அந்த அழுத்தத்தின் விளைவே ஆகும்.

இந்தக் கசிவு இரண்டு வகைகளில் ஏற்படலாம். ஒரே அடியில் குழாய்கள் கிழிந்து இரத்தம் வேகமாகச் சேர்வது முதல் வகை. கல்லில் இடித்துக்கொள்வதும், விரல்மேல் கனமான பொருள் விழுவதும் இதில் அடங்கும். சிறு சிறு மோதல்கள் ஆயிரக்கணக்கில் தொடர்வதால் இரத்தம் மெல்ல மெல்லக் கசிவது இரண்டாவது வகை. நெடுந்தூர நடையிலும் ஓட்டத்திலும் பெரும்பாலும் நேர்வது இதுதான்.

ஆயிரக்கணக்கில் என்பது மிகையன்று. இறக்கத்தில் ஓர் அடி 60 சென்டிமீட்டர் என்று கொண்டால், 16 கிலோமீட்டர் இறங்க ஏறத்தாழ 26,600 அடிகள் வைக்க வேண்டும். ஒவ்வொரு காலுக்கும் 13,000 அடிகளுக்கு மேல் வருகிறது. ஒவ்வோர் அடியிலும் உடலின் எடை பாதத்தைக் காலணிக்குள் முன்னோக்கித் தள்ளுகிறது. நகத்தின் நுனி காலணியின் முன்சுவரில் முட்டுகிறது. நகத்தகடு தன் படுகையிலிருந்து இம்மியளவு அசைகிறது. நீண்ட நடையில் பாதமும் சற்று வீங்கிவிடுவதால், காலையில் சரியாக இருந்த காலணி மாலையில் இறுக்கமாகிவிடும். எல்லா விரல்களிலும் நீளமான விரலே அதிகம் பாதிக்கப்படும். சிலருக்குப் பெருவிரலைவிட இரண்டாம் விரல் நீளமாக இருக்கும். அவர்களுக்கு அந்த நகமே முதலில் கறுக்கும்.

மெல்லக் கசியும்போது நகத்தகடும் சிறிது சிறிதாகத் தளர்ந்து இடம் கொடுக்கிறது. ஆகவே அழுத்தம் பெரிதாக உருவாவதில்லை. முழுவதும் கறுத்திருந்த என் இடது நகம் வலிக்காமலும், பாதி மட்டுமே கறுத்திருந்த வலது நகம் தூங்கவிடாமலும் இருந்ததற்குக் காரணம் இதுவே.

ஒரே மனிதர், இரண்டு முடிவுகள்

மறுநாள் மாலை ரிஷிகேஷ் வந்து சேர்ந்து, ஒரு சிறிய மருத்துவமனைக்குச் சென்றபோது அடிபட்டு ஏறத்தாழ 30 மணி நேரம் கடந்திருந்தது. அங்கிருந்த பெண் மருத்துவர் முதலில் நிறத்தைப் பற்றிப் பேசவே இல்லை. எப்போது அடிபட்டது, வலி எத்தகையது, நீரிழிவு உண்டா, இரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரை ஏதேனும் உட்கொள்கிறேனா என்று கேட்டார். பின்னர் வலது நகத்தின் நான்கு ஓரங்களையும் கவனமாகப் பார்த்தார். விரலை மடக்கி நீட்டச் சொன்னார். எலும்பைப் பக்கவாட்டில் அழுத்திப் பார்த்தார். எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். எலும்பில் முறிவு இல்லை.

வலது நகத்தைத் திறப்பதென்றும், இடது நகத்தைத் தொடுவதில்லையென்றும் முடிவு செய்தார். அதற்கு அவர் தந்த விளக்கத்தை மூன்று கேள்விகளாகத் தொகுத்துக் கூறலாம்.

முதல் கேள்வி: தெறிக்கும் வலி இருக்கிறதா? இரத்தத்தை வெளியேற்றுவதன் நோக்கம் அழுத்தத்தைக் குறைத்து வலியைப் போக்குவது மட்டுமே. அதனால் நகம் பிழைப்பதில்லை. விழவேண்டிய நகம் திறந்தாலும் விழும். ஆகவே வலி இல்லாத நகத்தைத் திறப்பதில் பயன் ஒன்றும் இல்லை; தீங்கு மட்டும் உண்டு. மூடிய நகம் அடியிலுள்ள காயத்துக்கு நல்ல கவசமாக விளங்குகிறது. அதில் துளையிட்டால், கிருமி நுழைவதற்கு நாமே வாசல் அமைத்துக் கொடுத்தவர்களாவோம்.

இரண்டாம் கேள்வி: எவ்வளவு நேரம் ஆயிற்று? முதல் 24 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரம் வரை இரத்தம் பெரும்பாலும் நீர்மமாக இருக்கும். துளை வழியே வெளியேறும். அதன்பின் உறைந்து நகத்தோடு ஒட்டிக்கொள்ளும். உறைந்த இரத்தத்தைத் துளையிட்டு வெளியேற்ற இயலாது. அந்த வேளையில் பெரும்பாலும் வலியும் தானாகவே தணிந்துவிடும்.

மூன்றாம் கேள்வி: நகத்தின் ஓரங்கள் முழுமையாக இருக்கின்றனவா? நகம் பிளந்திருந்தாலோ, ஓரம் கிழிந்திருந்தாலோ, அடிப்பகுதி தோல் மடிப்பைவிட்டு வெளியே பெயர்ந்து வந்திருந்தாலோ, துளையிடுவதோடு வேலை முடியாது. நகப்படுகையையே தைத்துச் சீராக்க வேண்டியிருக்கலாம். எலும்பு முறிந்திருக்கும் ஐயம் இருந்தால் எக்ஸ்ரே பார்த்த பிறகே எதையும் செய்ய வேண்டும். முறிந்த எலும்பின்மேல் துளையிட்டால், கிருமி எலும்பு வரை செல்ல வழி ஏற்படலாம்.

நகத்தில் பாதிக்கு மேல் கறுத்திருந்தால் நகத்தையே அகற்றிப் பார்க்க வேண்டும் என்னும் கருத்து முன்பு மருத்துவர்களிடையே இருந்தது. ஓரங்கள் முழுமையாக இருக்கும்போது, கறுப்பின் பரப்பு எவ்வளவாக இருந்தாலும் துளையிடுவதே போதுமானது என்பது இன்றைய நடைமுறை. என் மைத்துனரின் முதல் தவறு, வலியைப் பாராமல் நிறத்தைப் பார்த்துத் தொடங்க நினைத்தது. இரண்டாவது, இரத்தம் வெளியேறினால் நகம் பிழைக்கும் என்று நம்பியது.

துளையிட்ட விதம்

செய்முறை ஐந்து நிமிடங்களில் முடிந்தது. விரலைப் பொவிடோன் அயோடின் கொண்டு துடைத்தார். கிருமி நீக்கிய, சற்றுப் பருமனான 18 எண் ஊசியை உறையிலிருந்து எடுத்து, கறுத்த பகுதியின் நடுவில் நகத்தின்மேல் செங்குத்தாக நிறுத்தினார். குத்தவில்லை, இரு விரல்களுக்கிடையே திருகுபோலச் சுழற்றிக்கொண்டே இருந்தார். நகத்துக்கு உணர்ச்சி இல்லாததால் அதுவரை வலியில்லை. தகடு துளைபட்ட கணத்தில் ஊசியின் எதிர்ப்பு குறைந்தது. அங்கேயே அவர் கை நின்றது. கருஞ்சிவப்பான இரத்தம் சொட்டுச் சொட்டாக வெளிவந்தது. ஒரு நாளுக்கு மேல் தெறித்துக்கொண்டிருந்த வலி ஓரிரு நிமிடங்களில் வெறும் நோவாகக் குறைந்துவிட்டது. துளை மிகச் சிறியதாக இருந்தால் இரத்தம் உறைந்து மீண்டும் அடைத்துக்கொள்ளும் என்று கூறி, அதைச் சற்றே அகலப்படுத்தினார்.

சில மருத்துவமனைகளில் மின்சாரத்தால் சூடாகும் நுண்முனைக் கருவியைப் பயன்படுத்துவதும் உண்டு. முனை இரத்தத்தைத் தொட்டதும் குளிர்ந்துவிடுவதால் நகப்படுகை சுடப்படுவதில்லை. சூடான முனைக்கு முன் ஆல்கஹாலால் விரலைத் துடைப்பதோ, நகப்பூச்சையும் செயற்கை நகத்தையும் நீக்காமல் விடுவதோ தீப்பற்றும் ஆபத்தை உண்டாக்கும்.

வீட்டில் மெழுகுவர்த்தியும் ஊக்கும் கொண்டு செய்யும்போது தவறுவது இங்கேதான். தகடு துளைபடும் கணத்தில் கையை நிறுத்தும் பழக்கம் நமக்கு இல்லை. ஊக்கு நகப்படுகைக்குள் இறங்கிவிடும். சுடரில் காட்டிய ஊக்கில் கரி படியும். அதைத் துடைக்கும் துணியிலிருந்து கிருமியும் ஒட்டும். இதைப் படித்துவிட்டுத் தாமே முயல வேண்டாம் என்று வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன். மருத்துவர் என்ன செய்யப் போகிறார் என்பதை அறிந்து, தயக்கமின்றி உரிய நேரத்துக்குள் அவரிடம் செல்வதற்காகவே இவ்வளவும் எழுதினேன்.

துளையிட்ட பின் ஓரிரு நாள்கள் இரத்தம் கசிவது இயல்பு. உலர்ந்த கட்டுத்துணி போட்டு, நாள்தோறும் மாற்றினேன். காலைத் தண்ணீரில் ஊறவைக்கக் கூடாது என்றார். டெட்டனஸ் தடுப்பூசி எப்போது போட்டுக்கொண்டேன் என்றும் விசாரித்தார். இடது காலுக்கு ஒரே மருந்து: நல்ல காலணி கிடைக்கும் வரை மலை இறங்காமல் இருப்பது.

மருத்துவரை அடையும் வரை செய்யத்தக்கவை எளியவை. காலை இதயத்தின் மட்டத்துக்கு மேலே உயர்த்தி வைத்துப் படுத்தால் தெறிப்பு குறையும். துணியில் சுற்றிய பனிக்கட்டியை 10 முதல் 15 நிமிடம் வரை ஒற்றி எடுக்கலாம். வலிக்குப் பாராசிட்டமால் ஏற்றது. அதை ஒவ்வாதவர்களும் கல்லீரல் நோய் உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்டே உட்கொள்ள வேண்டும்.

வலியின்மை நற்செய்தி ஆகாத கால்

நாங்கள் விடைபெறும் வேளையில் மருத்துவரின் பார்வை என் மைத்துனரின் செருப்புக்குள் தெரிந்த விரல்மேல் விழுந்தது. அவருடைய இரண்டாம் விரல் நகமும் கறுத்திருந்தது. “எனக்கு வலியே இல்லை, டாக்டர்” என்று அவர் பெருமையாகச் சொன்னார். அவருக்கு 12 ஆண்டுகளாக நீரிழிவு உண்டு என்று அறிந்ததும், மருத்துவர் அவரை மீண்டும் அமரவைத்தார். கண்களை மூடச் சொல்லி, மெல்லிய நைலான் இழை ஒன்றால் பாதத்தின் பல இடங்களில் தொட்டு, உணரும்போது சொல்லச் சொன்னார். விரல் நுனிகளில் தொட்டதை மைத்துனர் உணரவே இல்லை.

நான் மேலே கூறிய முதல் கேள்வி இத்தகைய கால்களுக்குப் பொருந்தாது. நீரிழிவால் நரம்பு மரத்துப்போனவர்களுக்கு வலி என்னும் எச்சரிக்கை மணியே வேலை செய்வதில்லை. வலியில்லை என்பதால் காயம் சிறியது என்று பொருள் கொள்ள இயலாது. நகத்துக்கு அடியில் புண்ணும் சீழும் இருந்தாலும் தெரியாமல் போகும். இரத்த ஓட்டமும் குறைந்திருந்தால் சிறு புண் ஆறாமல் விரலையே இழக்கும் நிலை வரலாம். எனவே நீரிழிவு உள்ளவர்களும், கால்களில் இரத்த ஓட்டம் குறைந்தவர்களும் கறுத்த நகத்தை வலியிருந்தாலும் இல்லாவிட்டாலும் ஓரிரு நாள்களுக்குள் மருத்துவரிடம் காட்ட வேண்டும். இதய நோய்க்காக வார்ஃபாரின், க்ளோபிடோக்ரெல் போன்றவற்றை உட்கொள்பவர்களும் அவ்வாறே காட்ட வேண்டும். நகம் கறுத்ததற்கு அஞ்சி அம்மாத்திரைகளைத் தாமாக நிறுத்திவிடக் கூடாது.

யாராயினும், இரண்டாம் நாளுக்குப் பின் வலி குறையாமல் கூடினாலோ, விரல் சிவந்து சூடேறினாலோ, சீழ் வந்தாலோ, காய்ச்சல் கண்டாலோ, அது கிருமித் தொற்றின் அறிகுறி. அன்றே மருத்துவரைக் காண வேண்டும்.

கறை நகர்கிறதா?

நகத்தின் கறுப்பு சில வாரங்களில் மறையும் என்று எதிர்பார்த்து நான் ஏமாந்தேன். கால் நகம் மாதத்துக்குச் சுமார் 1.5 மில்லிமீட்டர் மட்டுமே வளர்கிறது. கை நகத்தின் வேகத்தில் ஏறக்குறைய பாதி. உறைந்த இரத்தம் நகத்தோடு ஒட்டிக்கொண்டு, அதனுடனே முன்னோக்கி நகர்ந்து, கடைசியில் நகவெட்டியால் வெட்டப்பட்டே வெளியேறும்.

என் வலது நகத்தின் நீளம் 18 மில்லிமீட்டர். கறையின் பின்விளிம்பு தோல் மடிப்பிலிருந்து 3 மில்லிமீட்டர் தள்ளி இருந்தது. ஆகவே அது நுனியை அடைய 15 மில்லிமீட்டர் பயணம் செய்ய வேண்டும், மாதம் 1.5 வீதம் பத்து மாதங்கள். நடுவில் இட்ட துளை ஆறாம் மாதத்தில் நுனிக்கு வந்தது. கறை பத்து மாதங்களைக் கடந்து மறைந்தது. இடது நகம் மூன்றாம் மாதத்தில் தளர்ந்து தானாகவே கழன்றது. அடியில் புதிய நகம் முளைத்திருந்ததால் அச்சப்படவில்லை. ஆடும் நகத்தைப் பிடுங்கக் கூடாது. தளர்ந்த பகுதியை மட்டும் வெட்டி, மீதியை ஒட்டுத்துணியால் மூடிவைக்க வேண்டும். பெருவிரல் நகம் முழுவதும் புதிதாக வளர 12 முதல் 18 மாதங்கள் ஆகும்.

இந்த நகர்வைக் கவனிப்பது இன்னொரு காரணத்தாலும் இன்றியமையாதது. நகம் கறுப்பதெல்லாம் இரத்தம் அன்று. அரிதாக, மெலனோமா என்னும் தோல் புற்றுநோய் நகத்தின் அடியில் தோன்றி இரத்தக்கட்டு போலவே காட்சியளிக்கும். ஜமைக்காவின் இசைக்கலைஞர் பாப் மார்லியின் கால் பெருவிரல் நகத்தடியில் 1977ஆம் ஆண்டு கண்டறியப்பட்டது இந்நோயே. அது முதலில் கால்பந்து ஆட்டத்தில் பட்ட காயமாகக் கருதப்பட்டது. 1981ஆம் ஆண்டு, தம் 36ஆம் வயதில் அவர் மறைந்தார்.

வேறுபாட்டை அறிய வீட்டிலேயே ஒரு வழி உண்டு. கறுத்த நாளன்று நகத்தை ஒளிப்படம் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு மாதம் கழித்து அதே கோணத்தில் மீண்டும் எடுங்கள். இரத்தமாக இருந்தால், கறைக்கும் தோல் மடிப்புக்கும் இடையே 3 மில்லிமீட்டர் அளவுக்குத் தெளிவான புதிய நகம் தோன்றியிருக்கும். கறை நகராமல் நின்றாலோ, அடியிலிருந்து நுனி வரை நீளவாக்கில் ஒரு பட்டையாக ஓடி நாளடைவில் அகன்றாலோ, கறுப்பு நகத்தைத் தாண்டிச் சுற்றியுள்ள தோலில் படர்ந்தாலோ, தோல் மருத்துவரிடம் தாமதமின்றிக் காட்ட வேண்டும். நம்மைப் போன்ற கருநிறத் தோலினருக்குப் பல நகங்களில் மெல்லிய பழுப்புக் கோடுகள் இயல்பாகவே இருப்பதுண்டு. ஒரே நகத்தில் புதிதாகத் தோன்றி மாறிக்கொண்டே வரும் பட்டைதான் கவலைக்குரியது.

அடுத்த இறக்கத்துக்கு முன்

மருத்துவர் என் காலணியையும் வாங்கிப் பார்த்தார். விரல்களுக்கு முன்னே இடமே இல்லை. எழுந்து நின்ற நிலையில், மிக நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலத்துக்கு இடைவெளி இருக்க வேண்டும். பாதம் வீங்கியிருக்கும் மாலை வேளையில், பயணத்தில் அணியப்போகும் காலுறையுடன் சென்று காலணி வாங்குவது நல்லது. ஆனால் இடைவெளிக்காக அளவில் மிகப் பெரியதை வாங்கினால் பாதம் உள்ளே வழுக்கிச் சென்று மீண்டும் முட்டும். குதிகால் அசையாமலும், விரல்கள் தாராளமாகவும் இருப்பதே சரியான அளவு.

இறங்கத் தொடங்கும் முன் ஓர் இடத்தில் அமர்ந்து, குதிகாலைப் பின்னுக்குத் தட்டிச் சேர்த்து, கணுக்காலருகே நாடாவை இறுக்கிக் கட்ட வேண்டும். ஏறும்போது கட்டிய கட்டு இறங்குவதற்குப் போதாது. நகங்களை இரண்டு மூன்று நாள்கள் முன்பாகவே, விரலுக்கு வெளியே நீளாதவாறு நேராக வெட்டிக்கொள்ள வேண்டும். ஓரங்களைக் குடைந்து வெட்டக் கூடாது.

அடுத்த ஆண்டு மீண்டும் அதே பாதையில் இறங்கினேன். ராம்பாராவில் அமர்ந்து நாடாவை இறுக்கிக்கொண்டேன். இரவில் காலுறையைக் கழற்றியபோது பத்து நகங்களும் தம் இயல்பான நிறத்தில் இருந்தன. மைத்துனர் இம்முறை டோலியில் வந்தார். ஆயினும் படுக்கச் செல்லுமுன் விளக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மருத்துவர் கற்பித்தபடி, தம் விரல்களை ஒவ்வொன்றாகப் பார்த்த பிறகே உறங்கினார்.